ஓடிபி அவருக்குப் போகிறது

கணவர் வீட்டை விட்டு நான் வெளியே வந்த மறுவாரம் என் போனில் சிக்னல் கோடுகள் காணாமல் போயின. மலையில் அது புதிதில்லை. மேகம் இறங்கினாலே வெள்ளிமலைப் பக்கம் பாதி டவர் வேலை செய்யாது. நான் அங்கே ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். மழை விட்டதும் வந்துவிடும் என்று இருந்தேன். மழை விட்டது, வெயிலும் அடித்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, சிம் கம்பெனியின் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்த பெண், "இந்த நம்பருக்கு டூப்ளிகேட் சிம் வாங்கிட்டாங்களே" என்றாள்.

"யாரு வாங்கினது?"

"யாரு பேர்ல இருக்கோ அவுங்கதான். தொலஞ்சி போச்சின்னு சொல்லி வாங்கியிருக்காங்க."

"நான்தாங்க இத்தனை வருஷமா இந்த நம்பரை வெச்சிருக்கேன்."

"வெச்சிருக்கலாம் மேடம். சிம் உங்க பேர்ல இல்லியே. அவுரு ஆதார், அவுரு கைரேகை. நாங்க இன்னா பண்றது?"

கல்யாணமான புதிதில் அவர் வாங்கித் தந்த போன், அவர் பெயரில் வாங்கிய சிம். அப்போது அதை அன்பு என்று நினைத்தேன். நர்சிங் படிக்கும்போது ஒரு பிரவுசிங் சென்டரில் திறந்த மெயில் கணக்கு எனக்கு இருந்தது. அதை அந்தப் புதுப் போனில் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். "பாஸ்வேர்ட் ரொம்ப சின்னதா இருக்கு, பெருசா ஒண்ணு போடு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்கில் என் அப்பா நம்பர் இருந்த இடத்தில் இந்தப் புது நம்பரைப் போட்டார். அதன் பிறகு அந்தப் பாஸ்வேர்டை நான் ஒருமுறைகூட அடித்ததில்லை. போன் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

அன்றைக்கே என் பெயரில், என் ஆதாரில், ஒரு புது சிம் வாங்கினேன். அதே போனில் போட்டதும் வேலை செய்தது. மெயில் எல்லாம் பழையபடி திறந்தது. நம்பர் மாறினால் கணக்கிலும் போய் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புது நம்பரை அம்மா, அண்ணன், அண்ணி, என் வக்கீல், வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் தவிர யாருக்கும் தரவில்லை.

வக்கீல் வைத்தது குடும்ப வன்முறை வழக்குக்காக. அவர் கேட்டது ஒன்றுதான்: அடிபட்ட காயங்களின் போட்டோ இருக்கிறதா?

இருந்தது. கழுத்தில் விரல் பதிந்தது, மேல்கையில் கன்றிப்போனது, ஒரு தடவை உதடு. குளியலறையில் வைத்து எடுத்தவை. கேலரியில் இருந்தால் அவர் பார்த்துவிடுவார் என்று, எடுத்த கையோடு எனக்கு நானே மெயிலில் அனுப்பிக்கொண்டு கேலரியிலிருந்து அழித்துவிடுவேன். மெயில் என்னுடையது, அங்கே யாரும் வர முடியாது என்ற எண்ணம். "எந்தத் தேதியில அனுப்பினதுன்னு மெயில்லயே இருக்கும், அதுதான் நமக்கு நல்லது. அப்படியே எனக்கு அனுப்பிடுங்க" என்றார் வக்கீல். நல்ல சிக்னல் கிடைக்கும் நாளில் அனுப்பலாம் என்றிருந்தேன்.

அதற்குள் போன் விழுந்தது. கச்சிராயபாளையம் தாண்டி மலைப் பாதையில் பஸ் நின்ற இடத்தில், படியில் இறங்கும்போது கையிலிருந்து நழுவிப் பாறையில் மோதியது. கண்ணாடி பொடிப்பொடியாகி, திரை கருப்பாகிவிட்டது. செத்துப்போனது என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டுப் புதுப் போன் வாங்கினேன்.

புதுப் போன் பாஸ்வேர்ட் கேட்டது.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அடித்தேன். பிறந்த ஊர், அம்மா பெயர், படித்த கல்லூரி, அவற்றின் பின்னால் வருஷம். எதுவும் இல்லை. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்ற வரியை அமுக்கினேன். 'நினைவில் இருக்கும் கடைசிப் பாஸ்வேர்டை உள்ளிடுங்கள்' என்றது. கல்லூரிக் காலத்துப் பழையதைப் போட்டேன். ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று சொல்லவில்லை. அடுத்த திரையில், கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரியும்படி, அந்தப் பழைய போன் நம்பர் வந்தது. 'இந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா?'

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். மாற்று மெயில் முகவரி எதுவும் நான் கொடுத்து வைத்திருக்கவில்லை. சுற்றிச் சுற்றி அதே நம்பரிலேயே வந்து நின்றது. கடைசியில், 'இந்தக் கணக்கு உங்களுடையதுதான் என்பதை எங்களால் உறுதிசெய்ய முடியவில்லை' என்றது.

அந்த வரியை நான் நிறைய தடவை படித்திருக்கிறேன். உள்ளே இருப்பவை என் காயங்கள். வெளியே நிற்பவளும் நான். என்னுடையது என்று சொல்ல வேண்டியவர் என்னை அடித்தவர்.

எங்கள் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன் பெண் எனக்கு நெருக்கம். மலைக் குடும்பத்துப் பெண். அவள் அப்பா இன்னமும் சாமை விதைக்கிறார். என்னை அக்கா என்பாள். அவளிடம்தான் சொன்னேன்.

"கேட்டுப் பாருங்கக்கா. ஒரு நம்பர் சொல்றதுக்கு இன்னா கஷ்டம்? என் போன்லருந்து கூப்பிடுங்க, உங்க புது நம்பர் தெரிய வேணாம்" என்றாள்.

மனம் கூசியது. ஆனாலும் கூப்பிட்டேன். புதுப் போனில் குறியீடு அனுப்பும்படி அமுக்கிவிட்டு, அவள் போனில் அவரை அழைத்தேன்.

"இப்ப ஒரு ஓடிபி வந்திருக்குங்க. என் மெயிலுக்கு. அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "ஏன், யாரு போன்லருந்தோ கூப்புடுற? உன் புது நம்பர்லயே கூப்புட்டிருக்கலாமே."

சொல்லிவிட்டு என் புது நம்பரின் கடைசி எண்களை நிதானமாகச் சொன்னார்.

"ஓடிபி சொல்லுங்க."

சொன்னார். அடித்தேன். தவறு என்றது. திரும்பக் கேட்டேன். வேறு ஒன்று சொன்னார். அதுவும் தவறு. அதற்குள் நேரம் முடிந்து, புதிதாக அனுப்ப வேண்டியிருந்தது. "அட, இப்பதான் வந்துது பாரு" என்று மறுபடி ஒன்று சொன்னார். அதுவும் இல்லை. சின்னப் பிள்ளைக்கு மிட்டாயைக் காட்டி மறைப்பது போல விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"கேஸ வாபஸ் வாங்கு. வூட்டுக்கு வா. ஓடிபி இன்னா, போனையே குடுத்துடறேன்."

நான் துண்டித்தேன். அடுத்து முயன்றபோது, நிறைய தடவை முயன்றுவிட்டீர்கள், பிறகு வாருங்கள் என்றது திரை.

என் புது நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி எங்கள் வீட்டில் தீயாகப் பிடித்தது. அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், அவள் நேராக அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் பிறந்த வீடு தியாகதுருகம். என் கணவர் வீடும் அங்கேதான்.

"உன்னத் தவிர அந்த ஊருக்குப் போய் வர்றது யாரு? நீதான் குடுத்திருக்க."

"சத்தியமா இல்லீங்க அத்தை. அந்த ஆளு முகத்த நான் பாத்தே ஜாஸ்தி நாளாச்சி."

"பின்ன அவன் இன்னா ஜோசியமா பாத்தான்?"

அண்ணனுக்கும் சந்தேகம்தான். அண்ணி துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு முன்னாலும் ஒன்று நடந்திருந்தது. வக்கீலைப் பார்க்க நான் மலையிலிருந்து இறங்கிய ஒரு நாள், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வரவில்லை. டீக் கடை ஓரம் நின்று என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். தற்செயல் என்று அப்போது நினைத்தேன். அம்மா அதையும் அண்ணி கணக்கில் சேர்த்தாள்.

உடைந்த போனைப் பற்றி யோசித்தது லேப் பெண்தான். ஒரு நாள் காலையில் என் அறைக்கு வந்திருந்தாள். சார்ஜரில் இருந்த பழைய போனில் அலாரம் அடித்தது. பாட்டாவது கேட்கலாமே என்று டிராயரிலிருந்து எடுத்துச் சும்மா மாட்டி வைத்திருந்தேன், பாட்டும் வரவில்லை என்று விட்டுவிட்டேன்.

"அக்கா, இதுக்கு உசுரு இருக்கே."

"திரை போச்சும்மா."

"திரைதானே போச்சி. உள்ள உங்க மெயில் இன்னும் லாகின்லதான் இருக்கும். அவுங்களே சொல்றாங்களே, முன்னாடி உபயோகிச்ச போன்லருந்து முயற்சி பண்ணுங்கன்னு."

சொன்னது உண்மை. மீட்பு உதவிப் பக்கத்தில், வழக்கமாகப் பயன்படுத்திய கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயலுங்கள் என்று எழுதியிருந்தது. நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் போன் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்றார். பிறகு, "பேட்டர்ன் போட்டுக் காட்டுங்க, மாத்திட்டு செக் பண்ணணும்" என்றார்.

"மாத்துங்க, நானே திறந்து பாத்துக்கறேன்."

"எல்லாரும் சொல்வாங்களே."

"நான் சொல்ல மாட்டேங்க."

அவர் முகம் சுளித்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன். போனை என் கண் எதிரே பிரித்து, மாட்டி, என் கையில் கொடுத்தார். பேட்டர்னை மறைத்துப் போட்டேன். திறந்தது. பழைய வால்பேப்பர், பழைய மெயில் குறி. கடையிலேயே பார்க்க வேண்டாம் என்று அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்கப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்தேன்.

மறுநாள் மதியம், புறநோயாளிகள் போன பிறகு, சுகாதார நிலையத்து வைஃபையில் அதைத் திறந்தோம். லேப் பெண் பக்கத்தில் இருந்தாள். பழைய போனின் அமைப்புகளுக்குள் போய், கணக்கு, பாதுகாப்பு, பாஸ்வேர்ட் என்று ஒவ்வொன்றாக. பழைய பாஸ்வேர்டைக் கேட்டது. மறந்துவிட்டது என்றேன். இந்த முறை நம்பரைக் கேட்கவில்லை. போனின் பூட்டைத் திறந்து காட்டச் சொன்னது. பேட்டர்ன் போட்டேன். 'புதிய பாஸ்வேர்டை உருவாக்குங்கள்' என்றது.

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நீளமா போடுங்கக்கா. வேற எங்கயும் போடாததா."

போட்டேன். மற்ற கருவிகளிலிருந்து உங்கள் கணக்கு வெளியேற்றப்படும் என்று அறிவித்தது. சரி என்றேன். என்னிடம் வேறு கருவி எது?

முதலில் போட்டோக்களைத் தேடினேன். எனக்கு நானே அனுப்பியவற்றைத் தேடும் பெட்டியில் என் முகவரியைப் போட்டேன். ஒரு சமையல் குறிப்பு வந்தது, ஒரு பஸ் டிக்கெட் வந்தது. காயங்கள் வரவில்லை. அனுப்பியவை, குப்பை, எல்லா மெயில்கள். குப்பையில் போட்டது ஒரு மாதம் இருக்கும், பிறகு தானே அழிந்துவிடும் என்றாள் அவள். குப்பை காலியாக இருந்தது.

"நீங்க அழிச்சீங்களா?"

"இல்லையே."

அவள் போனை வாங்கி, 'உங்கள் கருவிகள்' என்ற பக்கத்தைத் திறந்தாள். இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று என் கையில் இருந்தது. மற்றது வேறு மாடல், சற்று முன் வெளியேற்றப்பட்டது என்று போட்டிருந்தது. அதைத் தொட்டதும் விவரம் விரிந்தது. இடம் தியாகதுருகம் பக்கம். முதல் முறை உள்நுழைந்த தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது அவர் எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்த நாள்.

'போன் தொலஞ்சா கண்டுபுடிக்கலாம்ல' என்று அன்று ஏதோ சொன்னார், நான் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் தன் போனிலும் என் கணக்கைப் போட்டிருக்கிறார். இத்தனை வருஷமும் என் மெயிலை நான் திறந்த போதெல்லாம் அவரும் திறந்திருக்கிறார். வக்கீலுக்கு நான் எழுதியதில் என் புது நம்பர் இருந்தது. வக்கீல் என்னை வரச் சொன்ன நாள் இருந்தது. ஓடிபிக்காக நான் கெஞ்சியபோது அவருக்கு அந்த ஓடிபியே தேவையில்லை. வீட்டுக்குள் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, கதவைத் தட்டுகிறவளிடம் சாவி விலை பேசியிருக்கிறார்.

"ஸ்க்ரீன்ஷாட் எடுங்கக்கா, முதல்ல எடுங்க" என்றாள் அவள். எடுத்தேன்.

அப்போது என் புதுப் போன் அடித்தது. அவர்தான்.

"இன்னாடி பண்ண? எதுக்குப் பாஸ்வேர்ட மாத்துன?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் போனில் என் கணக்கு வெளியேறிய உடனே கூப்பிட்டிருக்கிறார். அவசரத்தில் தன்னையே காட்டிக்கொடுக்கிறோம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அல்லது, தோன்ற வேண்டிய அளவுக்கு அது தப்பு என்று நினைக்கவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

மீதி வேலையை அன்றே முடித்தோம். பழைய நம்பரை நீக்கி என் நம்பரைப் போட்டேன். என் மெயில்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஏதாவது வைத்திருக்கிறாரா என்று பார்த்தாள், இல்லை. பிறகு இரண்டடுக்குப் பாதுகாப்பு. பாஸ்வேர்ட் தெரிந்தாலும் இரண்டாவதாக ஒன்று இருந்தால்தான் உள்ளே போக முடியும்.

"எஸ்எம்எஸ் வேணாம்க்கா. இங்க சிக்னல் கம்மி. சிம்மை நம்பி ஒரு தடவை பட்டாச்சி. ஆப் போடலாம்."

புதுப் போனில் குறியீடு தரும் ஆப்பை இறக்கி, பழைய போனின் திரையில் வந்த கட்டம் கட்டமான படத்தை புதுப் போன் கேமராவில் காட்டினோம். உடனே ஆறு இலக்கங்கள் வந்தன. அரை நிமிடத்தில் மாறின, மறுபடி மாறின. அதற்கு நெட்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். போன் தொலைந்தால் பயன்படுத்த, ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை செல்லும் மாற்றுக் குறியீடுகளையும் தந்தது. அவற்றைத் தாளில் எழுதி என் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். புது பேட்டர்ன், புது பின் நம்பர். இப்போது என்னைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது.

நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் திரையின் கீழே சின்ன எழுத்தில் ஒன்று இருந்தது: நம்பரை மாற்றியிருந்தாலும், இன்னும் சில நாட்களுக்குப் பழைய நம்பரை வைத்து இந்தக் கணக்கை மீட்க முயல முடியும். திருடன் நம்பரை மாற்றிவிட்டால் உரிமையாளர் திரும்பி வருவதற்காக வைத்த வழியாம் அது. எனக்கு அது தலைகீழாக இருந்தது. அவர் முயன்றால் அறிவிப்பு வரும், உடனே மறுக்க வேண்டும் என்று அந்தச் சில நாட்கள் நான் வைஃபை இருக்கும் இடத்தை விட்டு நகரவில்லை. லீவு நாளிலும் சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

தடுப்பூசி நாளில், ஒரு குழந்தையின் தொடையில் ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தபோது போன் அதிர்ந்தது. 'உங்கள் கணக்கை மீட்க முயல்வது நீங்கள்தானா?' குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. 'இல்லை, நான் அல்ல' என்பதை அமுக்கினேன். பிறகு அந்தத் தாயிடம் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொன்னேன். இரண்டு தடவை சொன்னேனாம், அவள்தான் சிரித்தாள்.

வக்கீல் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்தார். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்யலாம் என்றார். "போட்டோ இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கோர்ட்டில் எங்களைச் சமரசத்துக்கு உட்கார வைத்தார்கள். என் கணக்கு அவர் போனில் இருந்ததைப் பற்றிக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள இன்னா சார் ரகசியம்? அவ பத்திரத்துக்குத்தான் வெச்சிருந்தேன்."

சமரசம் செய்ய வந்த பெரியவர் லேசாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் கணவரிடம் யாரும் ஓடிபி கேட்கவில்லை. அவர் சொன்னது அப்படியே நம்பப்பட்டது.

என்னிடம் வரக் கூடாது, போன் செய்யக் கூடாது என்று அவருக்கு இடைக்கால உத்தரவு கிடைத்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. என் கழுத்தில் இருந்ததைப் பற்றிச் சொல்ல இனி என் வாய் மட்டும்தான்.

அண்ணி மேல் தப்பில்லை என்று அம்மாவிடம் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி விளக்கினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சரி, அதுக்கு இப்ப இன்னா பண்ணச் சொல்ற?"

"போய்க் கூட்டிக்கினு வாம்மா."

"நான் போவ மாட்டேன். வரணும்னு இருந்தா அவளே வரட்டும்."

நான் தனியாகத் தியாகதுருகம் போனேன். அண்ணி வாசலுக்கு வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"நான் குடுக்கலன்னு உங்களுக்கு இப்ப ஒரு போன் சொல்லிச்சி. நான் சொன்னப்ப யாரும் கேக்கலியே" என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவளே சொன்னாள். நானும் கிளம்பிவிட்டேன்.